மெஸ் பில்லை வருகைப் பதிவேட்டை வைத்துப் போடலாமா?

கேள்வி: ஈரோடு பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் படிக்கிறேன். 200 பேர் இருக்கிறோம், மாதச் செலவை எல்லோரும் பங்கிட்டுக் கட்டும் டிவைடிங் முறையில் மெஸ் நடக்கிறது. இந்த மாதம் மெஸ் செயலாளர் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. சாப்பிடாத வேளைக்கு ஏன் பணம் கட்ட வேண்டும், கையெழுத்து நோட்டில் வருகை இருக்கிறதே, அதை வைத்துப் பில் போடுங்கள் என்று பாதிப் பேர் கேட்கிறார்கள். அப்படிப் போட்டால் எங்கள் பில் ஏறிவிடும் என்று மீதிப் பேர் சண்டைக்கு வருகிறார்கள். எது நியாயம், எப்படிக் கணக்குப் போடுவது?

பதில்:

சண்டைக்கு வருகிறவர்கள் சொல்வதுதான் கணக்கின்படி சரி. சாப்பிட்டவர் யார் என்று காட்டும் வருகைப் பதிவேட்டை வைத்துப் பில் போடக் கூடாது. இன்ன வேளைக்கு எனக்குச் சமைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்த ரிடக்‌ஷன் பதிவேட்டை வைத்துத்தான் பில் போட வேண்டும். வருகைப் பதிவேடு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. அதற்கு வேறு வேலை இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில், ஒருவர் வராமல் போவதால் மெஸ்ஸுக்கு என்ன மிச்சமாகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும்; யாருக்கு எவ்வளவு கழிக்கலாம் என்பது அந்த மிச்சத்தைப் பொறுத்ததுதான்.

மெஸ் செலவு இரண்டு வகைப்படும். மாஸ்டர், உதவியாட்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள் ஆகியோரின் சம்பளம், கரண்ட், தண்ணீர், துப்புரவு ஆகியவை 200 பேர் சாப்பிட்டாலும் 150 பேர் சாப்பிட்டாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். எரிவாயுவையும் இந்த வகையிலேயே சேர்த்துவிடுவது என் வழக்கம். சாம்பார் அண்டாவில் நாற்பது பேருக்குக் குறைத்து வைத்தாலும் அடுப்பு எரியும் நேரம் பெரிதாகக் குறைவதில்லை என்பதால் அப்படிச் செய்கிறேன். ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு, அவர்கள் பாதியை இந்தப் பக்கமும் பாதியை அந்தப் பக்கமும் வைத்துக்கொள்ளட்டும். இரண்டாவது வகை அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி, பால் போன்ற சாமான் செலவு. இது மட்டும்தான் ஆள் எண்ணிக்கையோடு ஏறி இறங்கக்கூடியது. அதுவும் எண்ணிக்கை முன்னமே தெரிந்தால் மட்டுமே இறங்கும்.

ஆகவே முதல் வகையை எல்லோருக்கும் சமமாகத் தலைக்கு இவ்வளவு என்றும், இரண்டாவது வகையைச் சாப்பாட்டு நாள் கணக்கில் நாளுக்கு இவ்வளவு என்றும் பிரிக்க வேண்டும். 200 பேர் இருக்கும் உங்கள் விடுதி அளவுக்கே ஒரு 30 நாள் மாதத்தை எடுத்துக்கொள்வோம். தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்தவை. மாதத் தொடக்கத்தில் கையிருப்புச் சாமான் ரூ.1,42,000, மாதத்தில் வாங்கியது ரூ.5,38,900, மாதக் கடைசியில் மிஞ்சிய கையிருப்பு ரூ.1,19,000. அப்படியானால் செலவான சாமான் ரூ.5,61,900. இதில் விருந்தினர் சாப்பாட்டுக்கு வந்த ரூ.7,500, முட்டை, கோழி டோக்கனில் வந்த ரூ.38,400 இரண்டையும் கழித்தால் பிரிக்க வேண்டிய சாமான் செலவு ரூ.5,16,000. சம்பளம் முதலிய நிலையான செலவு ரூ.1,80,000 என்று வைத்துக்கொள்வோம்.

200 பேருக்கு 30 நாள் என்றால் மொத்தம் 6,000 சாப்பாட்டு நாள். முன்கூட்டி எழுதிக் கொடுத்த ரிடக்‌ஷன் அத்தனையையும் கூட்டினால் 840 நாள் வருகிறது என்றால் மீதம் 5,160 நாள். ரூ.5,16,000-ஐ அதால் வகுத்தால் நாளுக்கு ரூ.100. நிலையான செலவு தலைக்கு ரூ.900. மாதம் முழுவதும் இருந்தவருக்கு ரூ.3,900 பில் வரும். எட்டு நாள் ரிடக்‌ஷன் வாங்கியவருக்கு ரூ.900-உம் 22 நாளுக்கு ரூ.2,200-உம் சேர்த்து ரூ.3,100 வரும்.

பல விடுதிகளில் இந்தப் பிரிவினையைச் செய்யாமல் எல்லாச் செலவையும் ஒரே குவியலாக்கி நாளால் வகுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் ரூ.6,96,000-ஐ 5,160-ஆல் வகுக்க, நாளுக்கு ரூ.134.88 வரும். முழு மாதம் இருந்தவர் ஏறக்குறைய ரூ.4,046 கட்டுவார், எட்டு நாள் ஊருக்குப் போனவர் ரூ.2,967 கட்டுவார். அந்த எட்டு நாளும் மாஸ்டருக்குச் சம்பளம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதில் ஊருக்குப் போனவருடைய பங்கைத் தங்கியிருந்தவர்கள் கட்டியிருக்கிறார்கள் என்பதுதான் ரூ.3,900-க்கும் ரூ.4,046-க்கும் உள்ள ரூ.146 வித்தியாசத்தின் பொருள். பக்கத்து ஊர்க்காரர்கள் வாரந்தோறும் வீட்டுக்குப் போய்விட, தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து படிக்கிறவர்கள் செமஸ்டர் முடியும் வரை விடுதியிலேயே கிடக்கும் நம் ஊர்க் கல்லூரிகளில் இந்த வித்தியாசம் எப்போதும் ஒரே திசையில்தான் சாயும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். மேலே சொன்ன 5,160 நாளுக்கும் சமையல் நடந்திருக்கிறது. ஆனால் கையெழுத்து நோட்டைக் கூட்டிப் பார்த்தால் உண்மையில் சாப்பிட்டது 4,300 நாளுக்குச் சமமான அளவுதான் என்று வைத்துக்கொள்வோம். காலையில் தூங்கிப்போனவர்கள், மாலை வெளியே பரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள், சொல்லாமல் பஸ் ஏறியவர்கள் எல்லோரும் அந்த இடைவெளியில் இருக்கிறார்கள். வருகையை வைத்துப் பில் போட்டால் வகுக்கும் எண் 4,300 ஆகிவிடும். சாமான் செலவு அதே ரூ.5,16,000-தான், ஏனென்றால் மாவு அரைத்தாகிவிட்டது, சோறு வடித்தாகிவிட்டது. நாள் வீதம் ரூ.100-லிருந்து ரூ.120-க்கு ஏறிவிடும்.

மாதத்தில் இருபது நாள் காலை உணவைத் தவறவிட்ட ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். காலை உணவு ஒரு நாளில் கால் பங்கு என்றால், அவருக்கு ஐந்து நாள் கழிந்து 25 நாள் வரும். 25-ஐ 120-ஆல் பெருக்கினால் ரூ.3,000. பழைய முறையில் 30 நாளுக்கு ரூ.100 வீதம் அவர் கட்டியிருக்க வேண்டியதும் அதே ரூ.3,000-தான். சாப்பிடாத வேளைக்குக் கட்ட மாட்டேன் என்று கொடிபிடித்தவருக்கு ஒரு ரூபாய்கூட மிஞ்சவில்லை. விடுதியின் சராசரி அளவுக்கு வேளை தவறவிடுகிற ஒவ்வொருவருக்கும் இதுதான் நடக்கும். ஒரு வேளையும் தவறவிடாமல் சாப்பிட்டவர் ரூ.600 கூடுதலாகக் கட்டுவார். சராசரியைவிட அதிகமாகத் தவறவிட்டவர் அந்தப் பணத்தைச் சேமித்துக்கொள்வார். மெஸ்ஸின் மொத்தச் செலவில் எதுவும் குறையாமல், பணம் ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்குப் போகிறது, அவ்வளவே. அதோடு, வெளியே சாப்பிடக் கையில் காசு உள்ளவருடைய பில் இறங்கி, மெஸ்ஸை மட்டுமே நம்பியிருப்பவருடைய பில் ஏறும் என்பதையும் உங்கள் கமிட்டிக் கூட்டத்தில் சொல்லுங்கள்.

அப்படியானால் ரிடக்‌ஷன் எழுதிக் கொடுக்க எந்த நேரத்தைக் கெடுவாக வைப்பது என்பதுதான் அடுத்த கேள்வி. இதைப் பெரும்பாலும் அலுவலக வசதிக்காக மாலை ஐந்து மணி, இரண்டு நாளைக்கு முன் என்று எதையாவது எழுதி ஒட்டிவிடுகிறார்கள். சமையலறையில் எந்த வேலை எப்போது தொடங்குகிறது என்று பார்த்து வைத்தால்தான் அந்தக் கெடுவுக்கு அர்த்தம் இருக்கும். நாளைக் காலை இட்லிக்கு இன்று மதியம் வாக்கில் அரிசியும் உளுந்தும் ஊறப்போடுகிறார்கள், மாலையில் கிரைண்டரில் அரைத்து இரவு முழுக்கப் புளிக்க விடுகிறார்கள். ஆகவே காலை உணவு வேண்டாம் என்பதை முந்தைய நாள் மதியம் 12 மணிக்குள் சொன்னால்தான் அரிசி மிஞ்சும். இரவு ஒன்பது மணிக்குச் சொன்னால் எதுவும் மிஞ்சாது. மதிய உணவுக்கு இவ்வளவு காய்கறி வேண்டும் என்ற இண்டென்ட் முந்தைய நாள் மாலையில் போய்விடுகிறது, ஏனென்றால் கோவை எம்.ஜி.ஆர். மார்க்கெட்டுக்கோ ஒட்டன்சத்திரத்துக்கோ காய் எடுக்கப் போகிற வண்டி விடிவதற்குள் போய்த் திரும்பும். எனவே மதியத்துக்கும் அன்றிரவுக்கும் முந்தைய நாள் மாலை கெடு வைத்தால் போதும்.

இரண்டு கெடு வைப்பது குழப்பம் என்று தோன்றினால், நாளை முழுவதற்கும் இன்று மதியம் 12 மணி என்று ஒரே கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் கொஞ்சம் முணுமுணுப்பார்கள். ஆனால் கெடு ஏன் அந்த மணிக்கு என்று கேட்டால் ஊறப்போட்ட உளுந்தைக் காட்டலாம் என்பது உங்களுக்குப் பெரிய பலம்.

அடுத்தது, ரிடக்‌ஷனைத் தேதிக் கணக்கில் எண்ணாமல் வேளைக் கணக்கில் எண்ணுவது. வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, திங்கள் காலை டிபனுக்குத் திரும்புகிற ஒருவருக்கு எத்தனை நாள் கழிப்பது? தேதி முறையில் வெள்ளியையும் திங்களையும் சேர்த்து நான்கு நாள் என்பார் அவர். இரண்டையும் விட்டு இரண்டு நாள் என்பார் அலுவலகக்காரர். வேளையாகப் பார்த்தால் சண்டையே இல்லை: வெள்ளி இரவு ஒரு வேளை, சனி மூன்று, ஞாயிறு மூன்று. காலைக்கு 0.25, மதியத்துக்கு 0.40, இரவுக்கு 0.35 என்று எடை வைத்தால் அவருக்குக் கழிய வேண்டியது 2.35 நாள், அதாவது ரூ.235. இந்த எடைகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வாரத்துக்குச் சமையலறையில் வேளைவாரியாக எடுத்த சாமானை எழுதி வைத்து விலை போட்டுப் பார்த்தால் உங்கள் மெஸ்ஸின் எடை தெரிந்துவிடும். இரவில் சப்பாத்தியும் குருமாவும் போடுகிற மெஸ்ஸில் இரவின் எடை மதியத்தைத் தொட்டுவிடுவதும் உண்டு. செமஸ்டருக்கு ஒரு முறை பார்த்து நிர்ணயித்தால் போதும், நடுவில் மாற்ற வேண்டாம்.

ஞாயிறு மதியம்தான் இந்த எடைக் கணக்கைக் கெடுக்கும் வேளை. கோழிக் குழம்பை எல்லோருக்கும் பொதுவாகப் போட்டு அதன் செலவையும் பொதுச் சாமானில் சேர்த்துவிட்டால், அந்த வேளையின் உண்மையான செலவு மற்ற மதியங்களைப் போல இரண்டு மடங்கைத் தொடும். ஆனால் ஊருக்குப் போனவருக்கு 0.40 மட்டுமே கழியும். நிலையான செலவை ஒரே குவியலில் போட்டால் தங்கியிருப்பவர் நஷ்டப்படுவதுபோல, இங்கே வீட்டுக்குப் போகிறவர் நஷ்டப்படுகிறார். கோழியையும் முட்டையையும் டோக்கனுக்கு மாற்றி, டோக்கன் வரவைப் பொதுச் செலவிலிருந்து கழித்துவிடுவதே இதற்கு வழி. நம் பக்கத்தில் இதற்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. முட்டைக்கு நாமக்கல் மண்டல விலை வெளிப்படையாக அறிவிக்கப்படுகிறது. கறிக்கோழிக்குப் பல்லடத்திலிருந்து பண்ணை விலை வருகிறது. டோக்கன் விலையை அதையொட்டி வைத்துவிட்டால் விலை ஏற்றத்துக்கு யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது; சப்ளை செய்கிறவர் கொடுக்கும் பில்லையும் அன்றைய விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

எக்செலில் ஒரு மாணவருக்கு ஒரு வரி போதும். A பத்தியில் 5-ஆம் வரியிலிருந்து 204-ஆம் வரி வரை 200 பெயர்கள். B பத்தியில் கழிந்த காலை வேளைகள், C-யில் மதியம், D-யில் இரவு. H1-இல் மாதத்தின் நாட்கள், H2-இல் நாள் வீதம், H3-இல் தலைக்கு நிலையான செலவு. ஒருவருடைய பில்லுக்கான சூத்திரமும், வகுக்கும் எண்ணுக்கான சூத்திரமும் இவை:

```
=ROUND($H$3+$H$2*($H$1-(0.25*B5+0.40*C5+0.35*D5)),0)
=COUNTA(A5:A204)*H1-(0.25*SUM(B5:B204)+0.40*SUM(C5:C204)+0.35*SUM(D5:D204))
```

மாதம் முழுவதும் மெஸ் நடக்காமல், பொங்கலுக்கு ஐந்து நாள் மூடியிருந்தால் H1-இல் 31 போடாமல் 26 போட வேண்டும். மூடிய நாட்களுக்கு யாரும் தனியாக ரிடக்‌ஷன் எழுதிக் கொடுக்கத் தேவையில்லை. சம்பளம் மட்டும் அந்த ஐந்து நாளுக்கும் உண்டு.

குறைந்தபட்சம் இத்தனை நாள் போனால்தான் ரிடக்‌ஷன் என்ற விதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொடர்ந்து மூன்று நாள், சில இடங்களில் ஐந்து நாள் என்று வைத்திருக்கிறார்கள். வெளி மாநிலத்து மாணவர்கள் நிறைந்த விடுதிக்கு அது பொருந்தலாம். கோபி, தாராபுரம், நாமக்கல், கரூர் என்று இரண்டு மணி நேரப் பயணத்தில் வீடு இருக்கிறவர்களுக்கு, சனி மாலை போய் ஞாயிறு இரவு திரும்புவதுதான் வழக்கம். மூன்று நாள் விதியில் அவர்களுக்கு ஆண்டு முழுவதும் ஒரு ரூபாயும் கழியாது. அதனால் என்ன நடக்கிறது என்றால், கழியாது என்று தெரிந்த பிறகு யாரும் சொல்லிவிட்டுப் போவதில்லை, சமையலறைக்கு எண்ணிக்கை தெரிவதில்லை, ஞாயிற்றுக்கிழமை சோறு மலைபோல் மிஞ்சுகிறது. தொடர்ந்து நான்கு வேளை என்பதே நம் பகுதிக்குச் சரியான வரம்பு என்பது என் கருத்து. சனி இரவும் ஞாயிறு மூன்று வேளையும் அதற்குள் வந்துவிடும். அதற்குக் கீழே இறக்கி ஒவ்வொரு வேளைக்கும் அனுமதித்தால், இன்று இரவு தோசையா உப்புமாவா என்று பார்த்து ரிடக்‌ஷன் போடுவார்கள். உப்புமா நாளில் வகுக்கும் எண் சுருங்கிப்போகும்.

நோம்பிச் சமயங்களை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பங்குனியில் பண்ணாரி குண்டத்துக்குச் சத்தியமங்கலம் பக்கத்துப் பிள்ளைகள் மொத்தமாகப் போய்விடுவார்கள்; தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகிறவர்கள் பல நாள் இருக்க மாட்டார்கள். ஒரு வாரம் முன்பே அறிவிப்புப் பலகையில் எழுதி, போகிறவர்கள் சீட்டுக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று நினைவூட்டினால், அந்த வாரத்து மளிகை இண்டென்டையே குறைத்துக்கொள்ளலாம்.

இனிப் பதிவேடுகள். ரிடக்‌ஷன் சீட்டு, வரிசை எண் அச்சிட்ட, கார்பன் நகல் எடுக்கும் புத்தகமாக இருக்க வேண்டும், தனித்தாளில் வாங்காதீர்கள். சீட்டில் பெயர், அறை எண், எந்தத் தேதி எந்த வேளை முதல் எந்தத் தேதி எந்த வேளை வரை, கொடுத்த தேதியும் மணியும் ஆகியவை போதும். காரணம் கேட்கத் தேவையில்லை, கேட்டால் பொய்தான் எழுதுவார்கள். கெடு நேரம் முடிந்ததும் அன்றைய கடைசிச் சீட்டு எண்ணுக்குக் கீழே கோடு போட்டு, பொறுப்பாளரும் மாஸ்டரும் கையெழுத்திட வேண்டும். நாளைய ஸ்ட்ரெங்த் காலை இவ்வளவு, மதியம் இவ்வளவு, இரவு இவ்வளவு என்று சமையலறைப் பலகையில் உடனே எழுதி, அதே எண்களைத் தினசரி ஏட்டிலும் ஏற்ற வேண்டும். முன் தேதியிட்டுப் பின்னால் சீட்டுச் செருகும் வேலையை இந்த ஒரு கோடு தடுத்துவிடும். வார்டனிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டேன் என்று வருகிறவர்களுக்கும், சீட்டு இல்லையென்றால் கழிவு இல்லை என்ற ஒரே பதிலைச் சொல்லுங்கள். வார்டனுக்கும் இதை முதல் வாரத்திலேயே பணிவாகச் சொல்லிவைப்பது நல்லது.

மாதக் கடைசியில் குறுக்குக் கூட்டல் போட்டுப் பாருங்கள். மாணவர்வாரியாகக் கூட்டிய மொத்தமும், தினசரி ஏட்டில் நாள்வாரியாக எழுதிய ஸ்ட்ரெங்த்தின் மொத்தமும் ஒன்றாக வர வேண்டும். நம் எடுத்துக்காட்டில் தினசரி ஏட்டில் காலை 5,184, மதியம் 5,180, இரவு 5,120 என்று வந்தால், எடை போட்டுக் கூட்ட 1,296, 2,072, 1,792 ஆகி 5,160 கிடைக்கிறது. எக்செலில் வகுக்கும் எண் 5,135 என்று காட்டினால், 25 நாளுக்கான ரிடக்‌ஷன் சமையலறைக்குத் தெரியாமல் பின்னால் ஏறியிருக்கிறது என்று பொருள். எந்தச் சீட்டு என்பதை அரை மணி நேரத்தில் பிடித்துவிடலாம். எண் மறுபக்கம் கூடுதலாக வந்தால், சீட்டுக் கொடுத்த யாருக்கோ ஏற்ற மறந்துவிட்டீர்கள்.

வருகைப் பதிவேட்டுக்கு இங்கே ஒரு வேலை உண்டு. ரிடக்‌ஷன் போட்டவருடைய பெயர் அதே வேளையில் வருகையிலும் இருந்தால், அவர் ஊருக்குப் போகவில்லை அல்லது அவர் பெயரில் வேறு யாரோ சாப்பிட்டிருக்கிறார். அந்த வேளைக்கு விருந்தினர் கட்டணம் என்று விதி வைத்துவிட்டால் போதும், விசாரணையெல்லாம் வேண்டாம். ஒரு வேளையில் வந்தவர்கள் எண்ணிக்கை ஸ்ட்ரெங்த்தைத் தாண்டினாலும் உடனே கவனியுங்கள். வருகை எப்போதும் ஸ்ட்ரெங்த்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும். கையெழுத்து நோட்டில் ஒரே கையெழுத்துப் போக்கில் நாலைந்து பெயர்கள் அடுத்தடுத்து வருவதும் கண்ணில் படும். விரல்ரேகைக் கருவியோ கியூஆர் குறியோ வைத்தால் அது குறையும். ஆனால் கருவி வைத்தவுடன் அந்த எண்ணிலேயே பில் போடலாம் என்ற ஆசையும் கூடவே வந்துவிடுகிறது. கருவி காட்டுவதும் சாப்பிட்டவர் எண்ணிக்கைதான், சமைத்த எண்ணிக்கை அன்று.

ரிடக்‌ஷனுக்காக இவ்வளவு சண்டை போடுகிறவர்கள் கையிருப்பைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கிறது. காங்கேயம் ஆலையிலிருந்து வந்த 26 கிலோ அரிசி மூட்டை பத்து, ஸ்டோருக்குள் ஒரு மூலையில் எண்ணப்படாமல் விடுபட்டால், கிலோ ரூ.50 என்று வைத்தாலும் ரூ.13,000 இந்த மாதச் செலவில் ஏறிவிடும். நாள் வீதம் ரூ.2.50-க்கு மேல் உயரும். மாதம் முழுவதும் இருந்தவர் பில்லில் ரூ.75 கூடும். அடுத்த மாதம் அந்த மூட்டைகள் கணக்கில்லாமல் செலவாகும்போது வீதம் குறையும், ஆனால் அந்த மாதம் சாப்பிடுகிறவர்கள் வேறு விகிதத்தில் இருப்பார்கள். மாதக் கடைசி நாள் இரவு உணவு முடிந்த பிறகு, வேறு இரண்டு மாணவர்களை உடன் வைத்துக்கொண்டு கையிருப்பை எண்ணி எடை போடுங்கள். மறுநாள் காலை எண்ணினால் இட்லிக்கு எடுத்த அரிசி எந்த மாதத்தில் போகும் என்று குழப்பம் வரும்.

சாப்பிடாதவர்களுக்கு நியாயமாக ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தால், வருகைப் பதிவேட்டின் முக்கியமான வேலைக்கு வாருங்கள். வேளைவாரியாக, கிழமைவாரியாக ஸ்ட்ரெங்த்தையும் வருகையையும் ஒரு மாதம் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். திங்கள் காலை, பரீட்சைக்கு முந்தைய நாள் காலை, சனி இரவு என்று சில வேளைகளில் வருகை ஒரே மாதிரி குறைவதைக் காண்பீர்கள். அந்த வேளைகளுக்கு மாஸ்டர் ஸ்ட்ரெங்த்துக்குச் சமைக்காமல் வருகையை ஒட்டிச் சமைக்கட்டும். காலை உணவு மொத்தச் சாமான் செலவில் கால் பங்கு, ரூ.1,29,000. அதில் 15 சதவீதம் குறைத்துச் சமைத்தாலே ரூ.19,350 மிஞ்சும், நாள் வீதத்தில் ரூ.3.75, முழு மாதத்துக்குத் தலைக்கு ரூ.112 குறையும். இந்த மிச்சம் யாருடைய பையிலிருந்தும் வரவில்லை, குப்பைக்குப் போயிருக்க வேண்டிய இட்லியிலிருந்து வருகிறது. மதியச் சோற்றுக்கு இது இன்னும் எளிது. ஆளுக்கு 150 கிராம் அரிசி என்றால் நாற்பது பேர் குறைந்தால் ஆறு கிலோ. கடைசி உலையை வரிசை எவ்வளவு நீள்கிறது என்று பார்த்து ஏற்றினால் போதும். சாம்பாருக்கு அந்த வசதி இல்லை.

இதில் ஒரு நாள் கணக்குத் தப்பிப் பற்றாக்குறை வரத்தான் செய்யும். கடைசியில் வருகிற இருபது பேருக்குப் பத்து நிமிடத்தில் கிண்டிவிடக்கூடிய ரவையோ சேமியாவோ எப்போதும் ஸ்டோரில் இருக்கட்டும். குறைத்துச் சமைக்கும் அளவை ஒரே நாளில் 15 சதவீதத்துக்குக் கொண்டுபோகாமல், வாரத்துக்கு ஐந்தாக இறக்கிப் பாருங்கள். மாஸ்டர்கள் இதை எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஏனென்றால் சாப்பாடு மிஞ்சினால் யாரும் அவர்களைக் கேட்பதில்லை, பற்றாமல் போனால் எல்லோரும் கேட்கிறார்கள்.

நான்கு வேளை வரம்புக்குள் அடங்காத இரண்டு நிலைகளுக்குத் தனி ஏற்பாடு தேவை. ஒன்று, நாள்தோறும் ஒரே வேளையைத் தொடர்ந்து விடுகிறவர்கள். ரம்ஜான் நோன்பு இருக்கிறவர்களுக்கு ஒரே சீட்டில் மாதம் முழுவதற்கும் மதிய உணவைக் கழித்து, காலை டிபனுக்குப் பதிலாக அதே எடையில் சஹர் உணவு கொடுத்துவிடலாம். 30 மதியம் என்பது 12 நாளாகி அவருடைய பில் ரூ.2,700 ஆகும். பயிற்சிக்காகத் திருப்பூரிலோ கோவையிலோ கம்பெனிக்குப் போய் மதியம் அங்கேயே சாப்பிடுகிற கடைசி ஆண்டு மாணவர்களுக்கும் இதே ஏற்பாடு பொருந்தும். இவர்களால் சமையலறைக்குச் சிரமமே இல்லை, எண்ணிக்கை மாதத் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது.

மற்றொன்று, திடீரென்று ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்கள். அவர்களால் கெடுவுக்குள் சீட்டுக் கொடுக்க முடியாது. அறைத் தோழர் வந்து சொன்ன நேரத்தையே சீட்டுக் கொடுத்த நேரமாக வைத்துக்கொண்டு, அதற்கு அடுத்த கெடுவிலிருந்து கழியுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டைப் பிறகு வாங்கி இணைத்துக்கொள்ளலாம். அதற்கு முந்தைய இரண்டு மூன்று வேளைக்கான தொகையை அவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கமிட்டி விரும்பினால், வகுக்கும் எண்ணைத் தொடாமல் விருந்தினர் வரவிலிருந்து தொகையாகக் கொடுத்துவிடுங்கள். வீதம் போட்டு ஒட்டுவதற்கு முன், அறை எண்ணும் கழிந்த வேளைகளும் உள்ள பட்டியலை மூன்று நாள் பலகையில் வைத்து ஆட்சேபம் கேளுங்கள். வீதம் அறிவித்த பிறகு வரும் நியாயமான திருத்தங்களை அடுத்த மாதப் பில்லில் வரவாகவோ பற்றாகவோ ஏற்றிக்கொள்ளலாம்; அறிவித்த வீதத்தை மட்டும் மாற்றாதீர்கள், ஏனென்றால் ஒருவருக்காக அதை மாற்றினால் 200 பில்லையும் திரும்பப் போட வேண்டியிருக்கும்.